அட்ரிஷன் விகிதம்: போனவர்களின் எண்ணிக்கையை எதனால் வகுப்பது?

ஐ.டி. நிறுவனங்களின் காலாண்டு முடிவுகள் வரும்போதெல்லாம் லாபத்தோடு சேர்த்து அட்ரிஷன் விகிதமும், அதாவது ஊழியர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதமும், செய்தியாகிறது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் 28.4% என்றது. அதே ஆண்டு செப்டம்பர் காலாண்டில் டி.சி.எஸ். 21.5% என்றது. இரண்டுமே கடந்த 12 மாதங்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. படித்தவர்களில் பலர் இதை "இருந்த நூறு பேரில் 28 பேர் போய்விட்டார்கள்" என்று எடுத்துக்கொண்டார்கள். கணக்கு அப்படிச் சொல்வதில்லை. போன வருடம் சேர்ந்து இந்த வருடமே போனவர், அவர் இடத்துக்கு வந்து அவரும் போனவர் எல்லோரும் அந்த 28-க்குள் இருக்கிறார்கள்.

நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும். உள்ளே இருக்கும் எச்.ஆர். ஆட்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் போதாது. எந்தத் துறையிலிருந்து போகிறார்கள்? சேர்ந்த சில மாதங்களிலேயே போகிறார்களா, வேலை கற்று முடித்து இரண்டு வருடம் கழித்துப் போகிறார்களா? முதல் வகைக்கு ஆளெடுக்கும் முறையைத் திருத்த வேண்டும். இரண்டாம் வகைக்குச் சம்பளத்தையும் பதவி உயர்வையும் பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, துறை ஆகிய மூன்று விவரமும் இருந்தால் போதும். ஆனால் இந்த எளிய கணக்கில்தான் பெரும்பாலான அறிக்கைகள் தடம் புரள்கின்றன. தவறு வருவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்.

## வழக்கமான சூத்திரமும் அதன் எல்லையும்

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய, நிறுவனப் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையில் இந்த விகிதத்துக்கு ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறது. நிதியாண்டில் விலகியவர்களின் எண்ணிக்கையை, ஆண்டின் முதல் நாளும் கடைசி நாளும் இருந்தவர்களின் சராசரியால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். ஏப்ரல் 1 அன்று 180 பேர், மார்ச் 31 அன்று 220 பேர், நடுவில் 50 பேர் விலகினார்கள் என்றால் சராசரி 200, விகிதம் 25%.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது "விலகியவர்" யார் என்பது. செபியின் விளக்கத்தில் தாமாக விலகியவர்களோடு நீக்கப்பட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பணியில் இருக்கும்போது இறந்தவர்கள் எல்லோரும் உண்டு. இன்ஃபோசிஸ் காலாண்டு முடிவுகளில் சொல்வதோ தாமாக விலகியவர்களை மட்டும். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு விகிதங்கள் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். இரண்டும் வேறு வேறு ஆட்களை எண்ணுகின்றன. உள் அறிக்கைக்கு எந்த வரையறை என்பதைக் கணக்கைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, அறிக்கையின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது, அந்தச் சராசரி. ஆண்டு முழுவதும் ஆள் எண்ணிக்கை மெல்ல ஏறினாலோ இறங்கினாலோ இரண்டு நாட்களின் சராசரி நன்றாகவே வேலை செய்யும். துறை துறையாகப் பிரித்தால் தடுமாற ஆரம்பிக்கிறது. ஜூலை 1 அன்று 40 பேரோடு ஒரு புதிய துறை தொடங்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். போகிறவர்களின் இடத்துக்கு உடனுக்குடன் ஆள் எடுத்து, மார்ச் வரை 40 பேர் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஒன்பது மாதங்களில் 12 பேர் விலகுகிறார்கள். சூத்திரப்படி ஏப்ரல் 1 அன்று பூஜ்யம், மார்ச் 31 அன்று 40, சராசரி 20. விகிதம் 60%. உண்மையில் அங்கே 40 பேர் முக்கால் வருடம் வேலை பார்த்திருக்கிறார்கள். அது 30 பேர் முழு வருடம் வேலை பார்த்ததற்குச் சமம். 12-ஐ 30-ஆல் வகுத்தால் 40%. சராசரி எடுத்த முறையால் மட்டுமே அந்தத் துறைத் தலைவருக்கு 20 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் கெட்ட பெயர்.

பணிக்காலவாரியாகப் பிரிக்கும்போது இந்தக் கோளாறு இன்னும் பெரிதாகிறது. ஆகஸ்டில் சேர்ந்து செப்டம்பரில் போனவர் ஆண்டின் முதல் நாளிலும் இல்லை, கடைசி நாளிலும் இல்லை. விலகியவர் பட்டியலில் ஒருவராக ஏறுகிறார், வகுக்கும் எண்ணில் அவருக்கு இடமே இல்லை. புதியவர்களிடம்தான் இப்படிப் போகிறவர்கள் அதிகம். எனவே எந்தப் பகுதியைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமோ, அங்கேதான் இந்தச் சூத்திரம் அதிகம் தவறுகிறது.

## ஆட்களுக்குப் பதில் ஆள்-நாட்கள்

இதற்கு வழி, தலைகளை எண்ணுவதை விட்டு நாட்களை எண்ணுவது. ஒருவர் கணக்குக் காலத்தில் ஒரு நாள் வேலையில் இருந்தால் அது ஒரு ஆள்-நாள். 365 ஆள்-நாட்கள் சேர்ந்தால் ஒரு ஆள்-ஆண்டு. மக்கள்தொகை ஆய்வாளர்களும் காப்பீட்டுக் கணக்கர்களும் இறப்பு விகிதத்தை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். யார் எவ்வளவு காலம் அங்கே இருந்தாரோ, அவ்வளவு காலம்தான் அவர் விலகுவதற்கான வாய்ப்பும் இருந்தது. ஆகவே வகுக்கும் எண் அந்தக் காலமாகத்தான் இருக்க வேண்டும்.

விகிதம் = விலகியவர்கள் ÷ ஆள்-ஆண்டுகள். இதை நூறால் பெருக்கினால், நூறு ஆள்-ஆண்டுகளுக்கு எத்தனை பேர் விலகினார்கள் என்று கிடைக்கும்.

இந்த முறையில் 46 நாள் மட்டும் இருந்தவருக்கு 46 நாள் கணக்கு, ஆண்டு முழுவதும் இருந்தவருக்கு 365 நாள் கணக்கு. யாரும் விடுபடுவதில்லை, யாரும் இருந்ததற்கு மேல் எண்ணப்படுவதும் இல்லை.

## ஒருவரின் காலத்தைத் துண்டு போடுவது

பணிக்காலம் நாளுக்கு நாள் வளரும் ஒன்று. ஏப்ரலில் "ஒரு வருடத்துக்குக் கீழ்" என்ற பிரிவில் இருந்தவர் ஜூனில் "1 முதல் 3 வருடம்" பிரிவுக்கு வந்துவிடுகிறார். அவருடைய ஆண்டை ஒரே பிரிவில் போட்டுவிடக் கூடாது, தேதியைப் பார்த்து இரண்டாக வெட்ட வேண்டும்.

ஐந்து பேரை மட்டும் வைத்து இதை நெருக்கமாகப் பார்ப்போம். கணக்குக் காலம் 01-04-2024 முதல் 31-03-2025 வரை. விலகிய நாள் என்பது அவர் கடைசியாக வேலை பார்த்த நாள், அந்த நாளும் கணக்கில் சேரும். பெயர்களும் தேதிகளும் ஒரு கற்பனை நிறுவனத்துக்கு வைத்த மாதிரிதான். வேலை செய்யும் முறையைக் காட்ட இது போதும்.

| ஆள் | சேர்ந்த நாள் | விலகிய நாள் | 1 வருடத்துக்குக் கீழ் | 1–3 வருடம் | 3-க்கு மேல் |
|---|---|---|---|---|---|
| அ | 10-06-2023 | 20-01-2025 | 70 | 225 | 0 |
| ஆ | 01-08-2024 | 15-09-2024 | 46 | 0 | 0 |
| இ | 15-02-2021 | – | 0 | 0 | 365 |
| ஈ | 01-10-2024 | – | 182 | 0 | 0 |
| உ | 05-01-2022 | – | 0 | 279 | 86 |
| மொத்தம் | | | 298 | 504 | 451 |

முதல் வரியைப் பாருங்கள். அ 2023 ஜூன் 10 அன்று சேர்ந்தவர். 2024 ஜூன் 9 வரை அவர் முதல் வருடத்தில் இருக்கிறார். நம் காலம் ஏப்ரல் 1-இல் தொடங்குவதால் ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, ஜூனில் 9 என 70 நாட்கள் முதல் பிரிவுக்குப் போகின்றன. ஜூன் 10 முதல் அடுத்த ஜனவரி 20 வரை உள்ள 225 நாட்கள் இரண்டாம் பிரிவுக்கு. அவர் விலகியபோது பணிக்காலம் ஒரு வருடம் ஏழு மாதம் என்பதால் விலகல் இரண்டாம் பிரிவில் மட்டும் பதிவாகும். 2023-இல் அவர் வேலை பார்த்த நாட்கள் நம் கணக்குக் காலத்துக்கு வெளியே இருப்பதால் சேராது.

உ விலகவே இல்லை. ஆனாலும் அவர் கணக்கில் மிக முக்கியமானவர். அவர் போகாமல் இருந்த 279 நாட்கள் இரண்டாம் பிரிவின் வகுக்கும் எண்ணிலும், மூன்று வருடம் முடிந்த பின் 2025 ஜனவரி 5 முதல் உள்ள 86 நாட்கள் மூன்றாம் பிரிவிலும் விழுகின்றன. போனவர்கள் கோப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அட்ரிஷன் விகிதம் போட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். இருப்பவர்களின் பட்டியலும் அதே கோப்பில் வேண்டும்.

## எக்ஸலில் செய்வது

இதற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும். `C` நெடுவரிசையில் சேர்ந்த நாள், `D`-இல் விலகிய நாள் (இன்னும் இருப்பவருக்கு வெற்று), `H1`-இல் காலத்தின் முதல் நாள், `H2`-இல் கடைசி நாள். பிரிவுகளின் எல்லைகளை மாதக் கணக்கில் `J1` முதல் `M1` வரை 0, 12, 36, 600 என்று போடுங்கள். 600 மாதம் என்பது 50 வருடம். கடைசிப் பிரிவுக்கு ஒரு மேல் எல்லை தேவைப்படுவதால் அது. `J2`-இல் இதை எழுதி `L2` வரை வலப்பக்கம் இழுத்து, பிறகு கீழே நகலெடுக்கலாம்:

```
=MAX(0, MIN($H$2, IF($D2="",$H$2,$D2), EDATE($C2,K$1)-1)
      - MAX($H$1, EDATE($C2,J$1)) + 1)
```

மூன்று முடிவு நாட்களில் எது முந்தியதோ அதை எடுத்து, இரண்டு தொடக்க நாட்களில் எது பிந்தியதோ அதைக் கழிக்கிறது. எதிர்மறையாக வந்தால் பூஜ்யம். விலகல் எந்தப் பிரிவில் நடந்தது என்பதற்கு `N2`-இல்:

```
=IF(AND($D2>=MAX($H$1,EDATE($C2,J$1)),
        $D2<=MIN($H$2,EDATE($C2,K$1)-1)),1,0)
```

இதையும் `P2` வரை இழுங்கள். பிறகு துறைவாரியாக ஒரு பிவட் டேபிள் போட்டு, ஒவ்வொரு பிரிவிலும் விலகல்களின் கூட்டுத்தொகையை 365-ஆல் பெருக்கி ஆள்-நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். சரிபார்க்க ஒரு எளிய வழி: ஒவ்வொருவருக்கும் மூன்று பிரிவு நாட்களைக் கூட்டினால், அவர் கணக்குக் காலத்தில் மொத்தம் இருந்த நாட்கள் வர வேண்டும். அ-வுக்கு 70 + 225 = 295. ஒரு வரியில் இடித்தாலும் தேதியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

பிரிவுகளை எங்கே வெட்டுவது என்பதை அந்த நிறுவனத்தின் விதிகள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆறு மாதம் புரொபேஷன் என்றால் 6 மாதத்தில் ஒரு வெட்டு. புதிதாகச் சேரும் பட்டதாரிகளிடம் இரண்டு வருட பாண்ட் வாங்கினால் 24 மாதத்தில் ஒரு வெட்டு. நிரந்தர ஊழியர்களுக்குப் பணிக்கொடை பெறத் தகுதி ஐந்து வருடத் தொடர்ச்சியான பணி என்பதால், அதைக் கடந்ததும் போகலாம் என்று காத்திருப்பவர்கள் இருப்பார்கள். 60 மாதத்தில் ஒரு வெட்டு அதைக் காட்டும். "0–5 வருடம்" என்று ஒரே பிரிவாகப் போட்டால் இவை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும்.

## அடிக்கடி நடக்கும் மூன்று தவறுகள்

1. பங்கை விகிதம் என்று எடுத்துக்கொள்வது. "விலகியவர்களில் 60% பேர் ஒரு வருடத்துக்குள் சேர்ந்தவர்கள், ஆகவே புதியவர்களைத் தக்கவைப்பதில் தோற்கிறோம்" என்ற வாக்கியத்தைப் பல அறிக்கைகளில் பார்க்கலாம். இது விலகியவர்களுக்குள் ஒரு பங்கு. நிறுவனத்தில் இருப்பவர்களிலேயே 60% பேர் ஒரு வருடத்துக்குள் சேர்ந்தவர்கள் என்றால், புதியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் போகவில்லை என்றுதான் அது சொல்கிறது. வேகமாக ஆளெடுக்கும் நிறுவனத்தில் புதியவர்களின் பங்கு தானாகவே கூடும். பங்கை மட்டும் வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது.

2. முடிவில் இருந்த பிரிவிலேயே முழுக் காலத்தையும் போடுவது. விலகியவருக்கு விலகிய நாளின் பணிக்காலத்தையும், இருப்பவருக்கு மார்ச் 31-இன் பணிக்காலத்தையும் கணக்கிட்டு, அவருடைய எல்லா நாட்களையும் அந்தப் பிரிவிலேயே போடுவது ரொம்ப சகஜம். மேலே உள்ள ஐந்து பேரிடமே அதைச் செய்து பார்ப்போம். உ-வின் 365 நாளும் மூன்றாம் பிரிவுக்குப் போய்விடும். அ-வின் 295 நாளும் இரண்டாம் பிரிவுக்கு வரும். இரண்டாம் பிரிவில் 504 நாளுக்குப் பதில் 295 நாள்தான் மிஞ்சும். ஒரு விலகலுக்கு விகிதம் 72% ஆக இருக்க வேண்டியது 124% ஆகிவிடும். விலகாமல் இருந்து ஒரு பிரிவைத் தாண்டியவர்களின் காலம் எப்போதும் அடுத்த பிரிவுக்கே வரவாகிறது. அதனால் நீண்ட நாள் இருப்பவர்களின் விகிதம் உண்மையைவிட நன்றாகத் தெரியும். பெரிய கோப்பிலும் கோணல் இதே திசையில்தான் இருக்கும்.

3. பதிவு தொடங்குவதற்கு முந்தைய காலத்தையும் சேர்ப்பது. இது மூன்றிலும் நுட்பமானது. ஒரு நிறுவனம் 2022 ஏப்ரலில் புதிய எச்.ஆர். மென்பொருளுக்கு மாறுகிறது. அன்று இருந்த ஊழியர்கள் எல்லோரையும் அவர்களுடைய பழைய சேர்ந்த தேதியோடு ஏற்றுகிறார்கள். அதற்கு முன்பே போனவர்கள் அந்த மென்பொருளில் இல்லவே இல்லை. இப்போது "கிடைக்கும் எல்லா ஆண்டுகளையும் எடுப்போம்" என்று 2015 முதல் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? 2015-இல் சேர்ந்து இன்றும் இருப்பவரின் முதல் வருடம் கணக்கில் வரும். அவரோடு சேர்ந்து 2016-இல் போனவர் வரமாட்டார். முதல் வருடத்தில் யாருமே போகாதது போல ஒரு தோற்றம் வரும், விகிதம் மிகக் குறைவாக இருக்கும். வேறொரு நிறுவனத்தை வாங்கி அதன் ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டபோதும் இதே நிலைதான். அவர்களை விலக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரின் கணக்கையும் நம் பதிவில் அவர் வந்த நாளிலிருந்து தொடங்கினால் போதும்; பணிக்காலம் மட்டும் பழைய சேர்ந்த தேதியிலிருந்து ஓடும். சூத்திரத்தில் `H1` என்பதைப் பதிவு முழுமையாகத் தொடங்கிய நாளுக்குப் பின் வைத்தாலே இந்தச் சிக்கல் வராது.

தவறு நடந்திருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டுக்கும் விலகியவர்களை எண்ணுங்கள். 2021 வரை பூஜ்யம், 2022-இல் திடீரென்று 140 என்று வந்தால் பதிவு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

## தேதி என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே தேதி இல்லை

விலகிய தேதி என்ற ஒரே நெடுவரிசையில் பல விதமான தேதிகள் கலந்து கிடக்கும். ராஜினாமா கொடுத்த நாள், கடைசி வேலை நாள், ரிலீவிங் கடிதத்தின் நாள், கணக்கு முடித்துப் பணம் கொடுத்த நாள் என்று நான்கு. ஐ.டி. துறையில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணம் என்பதால் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே ஒரு காலாண்டே ஓடிவிடலாம். விகிதத்துக்கு எடுக்க வேண்டியது கடைசி வேலை நாள். அதுவரை அவர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார். முடிவு எடுக்கும் நேரத்தைப் புரிந்துகொள்ள ராஜினாமா தேதியும் தேவைதான், ஆனால் அதைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். புரொபேஷன் முடிந்ததும் ராஜினாமா கொடுத்தவர் ஒன்பதாம் மாதத்தில் போனதாகத் தெரிவதற்கு இந்த 90 நாள்தான் காரணம்.

சொல்லாமல் நின்றுவிட்டவர்கள் தனிக் கதை. தொழிற்சாலைகளிலும் கால் சென்டர்களிலும் இவர்கள் நிறையப் பேர். கடைசியாக வந்த நாளுக்கும் பெயரை நீக்கிய நாளுக்கும் நடுவே இரண்டு மூன்று மாதம் இடைவெளி விழும். ஒரே நாளில் முப்பது பேர் விலகியதாக, அதுவும் மாதக் கடைசியில், பதிவாகியிருந்தால் அது பெரும்பாலும் பெயர் நீக்கிய நாள்தான். வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கடைசி நாளைத் திருத்த வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வாரத்தில் போனவர் நான்காவது மாதத்தில் போனதாகக் கணக்காகும்.

எக்ஸலும் தன் பங்குக்குச் சேதம் செய்யும். 05-01-2022 என்பதை அமெரிக்க வழக்கத்தில் மே 1 என்று படித்துவிடும். நாள் 12-க்கு மேல் இருக்கும் தேதிகளை அப்படிப் படிக்க முடியாததால் அவை எழுத்தாகவே நின்றுவிடும். ஒரு நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. விலகிய தேதி சேர்ந்த தேதிக்கு முன்னால் இருக்கும் வரிகளையும், 31-12-9999 போன்ற நிரப்புத் தேதிகளையும் முதலிலேயே கண்டுபிடித்துத் திருத்துங்கள்.

அப்புறம் துறை. பெரும்பாலான கோப்புகளில் ஒருவரின் இன்றைய துறை மட்டும்தான் இருக்கும். இரண்டு வருடம் ஒரு துறையில் இருந்துவிட்டு, மாற்றலாகி மூன்றாம் மாதத்தில் போனவரின் மொத்தக் காலமும் கடைசித் துறையின் பெயரில் விழும். மாற்றல் வரலாறு கிடைத்தால் அவரை இரண்டு வரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துறைக்கும் அங்கே இருந்த நாட்களை மட்டும் கொடுக்கலாம். பழைய துறையை விட்டு வந்ததை விலகலாக எண்ண வேண்டாம். பணிக்காலம் நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்தே ஓடட்டும்.

## இரண்டு துறைகளை எதிரெதிரே வைத்தால்

இனி இந்த முறை எங்கே பயன்படுகிறது என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவை, மென்பொருள் சோதனை என்று இரண்டு துறைகள். ஒவ்வொன்றிலும் ஆண்டில் 100 ஆள்-ஆண்டுகள்.

| பணிக்காலம் | சேவை: ஆள்-ஆண்டு | விலகல் | விகிதம் | சோதனை: ஆள்-ஆண்டு | விலகல் | விகிதம் |
|---|---|---|---|---|---|---|
| 1 வருடத்துக்குக் கீழ் | 60 | 24 | 40% | 12 | 6 | 50% |
| 1–3 வருடம் | 30 | 6 | 20% | 28 | 7 | 25% |
| 3-க்கு மேல் | 10 | 1 | 10% | 60 | 9 | 15% |
| மொத்தம் | 100 | 31 | 31% | 100 | 22 | 22% |

கடைசி வரியை மட்டும் படிக்கும் நிர்வாகி, சேவைத் துறையில்தான் பிரச்சினை என்று முடிவு செய்வார். மேலே உள்ள மூன்று வரிகளும் வேறு சொல்கின்றன. எந்தப் பணிக்காலப் பிரிவை எடுத்தாலும் சோதனைத் துறையில்தான் விகிதம் அதிகம். இது முரண்பாடு இல்லை. சேவைத் துறையில் புதியவர்கள் நிறைய, புதியவர்கள் எங்கேயும் அதிகமாகப் போகிறார்கள். சோதனைத் துறையில் பழையவர்கள் நிறைய. மொத்த விகிதம் துறையின் தன்மையைவிட அதன் ஆள் கலவையைத்தான் அதிகம் காட்டுகிறது.

கலவையின் விளைவை நீக்க, இரண்டு துறைகளுக்கும் ஒரே கலவையைக் கொடுத்துப் பார்க்கலாம். நிறுவனம் முழுவதிலும் 200 ஆள்-ஆண்டுகளில் 36% முதல் பிரிவு, 29% இரண்டாவது, 35% மூன்றாவது. சேவைத் துறையின் விகிதங்களை இந்த எடையில் சேர்த்தால் 14.4 + 5.8 + 3.5 = 23.7%. சோதனைத் துறைக்கு 18 + 7.25 + 5.25 = 30.5%. வரிசையே தலைகீழாகிறது. துறைத் தலைவர்களின் மதிப்பீட்டில் அட்ரிஷனைச் சேர்க்கும் நிறுவனங்கள் குறைந்தபட்சம் இந்தத் திருத்தத்தையாவது செய்ய வேண்டும். ஆளெடுக்கச் சொன்னதும் நிர்வாகம்தான், ஆளெடுத்ததால் கூடிய விகிதத்துக்கு ஒருவரைப் பதில் சொல்ல வைப்பது நியாயமில்லை.

## இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்

சரி, அப்படியென்றால் சோதனைத் துறைதான் மோசம் என்று அறிவித்துவிடலாமா? அதற்கும் முன் விலகல்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அந்தத் துறையின் 50% என்பது வெறும் 6 பேரை வைத்து வந்தது. தோராயமாக, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல இரு மடங்கு அளவுக்கு மேலும் கீழும் தற்செயலாகவே மாறலாம். 6-க்கு அது சுமார் 5. ஆக 1 முதல் 11 வரை எதுவும் வந்திருக்கலாம். விகிதம் 8% முதல் 92% வரை. சேவைத் துறையின் 24-க்கு அது சுமார் 10, அதாவது 14 முதல் 34 வரை, 23% முதல் 57% வரை. இரண்டு வரம்புகளும் நன்றாகவே ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன.

மொத்தமாகவும் பார்க்கலாம். சேவைத் துறையின் விகிதங்களே சோதனைத் துறையிலும் இருந்திருந்தால் அங்கே 4.8 + 5.6 + 6 = 16.4 பேர் விலகியிருக்க வேண்டும். விலகியது 22 பேர். 16-க்கு இரு மடங்கு வர்க்கமூலம் சுமார் 8 என்பதால், 22 இன்னும் தற்செயல் வரம்புக்குள்ளேதான் இருக்கிறது. எனவே உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்றுதான்: சேவைத் துறை மோசம் என்ற முடிவுக்கு ஆதாரமில்லை. சோதனைத் துறை மோசமா என்பதற்கு இன்னும் ஓராண்டுத் தரவைச் சேர்க்க வேண்டும். பத்து விலகலுக்குக் குறைவான கட்டங்களில் சதவீதத்தோடு ஆள் எண்ணிக்கையையும் அச்சிடுவது நல்ல வழக்கம். துறை, பணிக்காலம், ஊர், பதவி என்று பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிருவர்தான் மிஞ்சுவார்கள், அங்கே சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். முதல் வருடத்தில் 40% என்றால் சேரும் நூறு பேரில் 40 பேர் ஒரு வருடத்துக்குள் போவார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் போனதும் அவருடைய ஆள்-நாட்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. நூறு பேரும் முழு வருடத்தைத் தருவதில்லை. விகிதத்தை வாய்ப்பாக மாற்றச் சூத்திரம் இது, இதில் `r` ஆண்டு விகிதம், `t` ஆண்டுகளில் காலம்:

```
=1-EXP(-r*t)
```

40%-க்கு `1-EXP(-0.4)` போட்டால் 33% வரும். நூறில் 33 பேர். முதல் மூன்று மாதப் பிரிவில் விகிதம் 120% என்று வந்தாலும் பதற வேண்டாம். அது ஓர் ஆண்டுக்கு விரித்துச் சொன்ன வேகம். `1-EXP(-1.2*0.25)` என்றால் 26%. சேர்ந்தவர்களில் நாலில் ஒருவர் மூன்று மாதத்துக்குள் போகிறார். நிர்வாகக் கூட்டத்தில் வைக்கும்போது 120% என்பதைக் காட்டாமல் இந்த 26%-ஐக் காட்டினால் எல்லோருக்கும் ஒரே பொருளில் புரியும்.

மேலே உள்ள மாதிரியில் நான் அடுத்துத் தோண்டுவது சேவைத் துறையின் அந்த 24 பேரைத்தான். எண்ணிக்கை போதுமான அளவு இருக்கும் ஒரே கட்டம் அது. முதல் வருடத்தை 0–1, 1–3, 3–6, 6–12 மாதம் என்று நான்காக வெட்டி, அதே சூத்திரத்தை ஓட்டினால் போதும். முதல் மாதத்தில் குவிந்தால் ஆளெடுக்கும்போது வேலை, ஷிப்ட், சம்பளம் பற்றிச் சொன்னதற்கும் உள்ளே கண்டதற்கும் உள்ள இடைவெளியைத் தேட வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் குவிந்தால், நோட்டீஸ் காலத்தைக் கழித்துப் பின்னால் நகர்த்தி, அந்த நேரத்தில் பயிற்சி முடிந்து புதிய ஷிப்டுக்கோ டார்கெட்டுக்கோ மாற்றப்பட்டார்களா என்று பார்க்க வேண்டும்.